டேங்கர் தண்ணீரில் கூலிங் டவரை எத்தனை சைக்கிள் ஓட்டலாம்?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐடி கட்டடத்தின் பராமரிப்பைப் பார்க்கிறேன். 500 டன் வாட்டர் கூல்டு சில்லர் இரண்டு. ஒன்று ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. டவருக்கு போர்வெல் டேங்கர் தண்ணீர்தான். ஐந்து சைக்கிள், அதாவது தண்ணீர் ஆவியாகி உப்பு ஐந்து மடங்காக ஏறும் வரை, ஓட்டலாம், டிடிஎஸ் லிமிட்டுக்குள்தான் இருக்கிறது என்கிறார் கெமிக்கல் வெண்டர். ஆனால் கண்டென்சர் அப்ரோச், அதாவது ரெஃப்ரிஜரண்டின் கண்டென்சிங் வெப்பநிலைக்கும் கண்டென்சரைவிட்டு வெளியே போகும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம், 1.5 டிகிரியிலிருந்து 3.8க்கு ஏறிவிட்டது, ஆசிட் டீஸ்கேலிங் செய்தும் பாதிதான் இறங்கி மறுபடி ஏறியது. உப்பேறிய தண்ணீரை வெளியே விடும் பிளோடவுனைக் கூட்டினால் டேங்கர் செலவு கூடும் என்று மேனேஜ்மென்ட் ஒத்துக்கொள்ளவில்லை. சில்டு வாட்டரில் வேறு அரிப்பைத் தடுக்கப் போடும் நைட்ரைட் மாதாமாதம் குறைகிறது. கடைசி ரிப்போர்ட்: டவருக்குப் புதிதாக விடும் மேக்கப் தண்ணீரில் கண்டக்டிவிட்டி 900, கால்சியம் ஹார்ட்னஸ் 180, குளோரைடு 90, சிலிக்கா 42. டவரில் முறையே 4,100, 520, 450, 150, பிஎச் 8.8. என்ன செய்வது?

டிடிஎஸ்ஸைக் கொஞ்சம் மறந்துவிட்டு, டவர் எண்ணை மேக்கப் எண்ணால் ஒவ்வொன்றாக வகுத்துப் பாருங்கள். குளோரைடு 450 வகுத்தல் 90, சரியாக ஐந்து. கால்சியம் 520 வகுத்தல் 180, மூன்றுகூட வரவில்லை, 2.9. சிலிக்கா 150 வகுத்தல் 42, ஏறக்குறைய 3.6. தண்ணீர் ஒன்றுதான், டவர் ஒன்றுதான். மூன்றும் ஐந்து மடங்காகத்தான் ஏறியிருக்க வேண்டும். குளோரைடு எதிலும் படியாது, அதனால் அது உண்மையைச் சொல்கிறது. கால்சியம் 900 இருக்க வேண்டிய இடத்தில் 520தான் இருக்கிறது. மீதி 380 பிபிஎம் தண்ணீரைவிட்டு வெளியேறி எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட்டில் டிடிஎஸ் லிமிட்டுக்குள் இருப்பதற்கு ஒரு காரணமே இதுதான். உப்பு உள்ளேயே படிவதால் தண்ணீரில் குறைவாகத் தெரிகிறது.

எவ்வளவு படிகிறது என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். 500 டன் முழு லோடில் ஓடும்போது டவரில் மணிக்கு சுமார் 3 கன மீட்டர், அதாவது 3,000 லிட்டர், ஆவியாகும். ஆவியாவதை, சைக்கிளில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் பிளோடவுன் கிடைக்கும். ஐந்து சைக்கிளில் 3 வகுத்தல் 4, அதாவது 0.75 கன மீட்டர். இரண்டையும் கூட்டினால் மேக்கப் 3.75. டவருக்குள் மணிக்கு வரும் கால்சியம் 3.75 பெருக்கல் 180, அதாவது 675 கிராம். பிளோடவுனில் வெளியே போவது 0.75 பெருக்கல் 520, அதாவது 390 கிராம். மணிக்கு 285 கிராம் உள்ளே தங்குகிறது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் முழு லோடில் ஓடினால் கிட்டத்தட்ட மூன்றரை கிலோ, கால்சியம் கார்பனேட் கணக்கில். உங்கள் சராசரி லோடு பாதிதான் என்றால் இதில் பாதி. இதில் கண்டென்சர் டியூபில் எவ்வளவு, டவர் ஃபில்லில் எவ்வளவு, பேசினில் சேறாக எவ்வளவு என்று இந்த எண்களை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கால்சியம் கார்பனேட்டுக்கு ஒரு குணம் உண்டு: பெரும்பாலான உப்புகள் சூட்டில் நன்றாகக் கரையும், இது சூட்டில்தான் படியும். உங்கள் பிளான்டில் அந்தத் தண்ணீர் தொடும் இடங்களிலேயே சூடானது கண்டென்சர் டியூபின் உள்சுவர்.

ஒரு எச்சரிக்கை. டவருக்கு சோடியம் ஹைப்போகுளோரைட் போடுகிறவர்களுக்கு அதிலிருந்தே கொஞ்சம் குளோரைடு சேரும். குளோரைடு சைக்கிள் நிஜத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். 2.9க்கும் 5க்கும் உள்ள இடைவெளியை அது விளக்காது, ஆனாலும் மேக்கப் லைனிலும் பிளோடவுன் லைனிலும் ஒவ்வொரு வாட்டர் மீட்டர் மாட்டி, இரண்டையும் வகுத்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. டேங்கர் தண்ணீர் லோடுக்கு லோடு மாறுவதால், மேக்கப் சாம்பிளை ஒரே லோடிலிருந்து எடுக்காமல் சம்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

அப்ரோச் ஏறியதற்குப் படிவுதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் வேறு இரண்டு விஷயங்களை விலக்க வேண்டும். கண்டென்சர் தண்ணீர் ஓட்டம் குறைந்திருந்தால், உள்ளே வரும் தண்ணீருக்கும் வெளியே போகும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசமும் அதே லோடில் கூடியிருக்கும். லோ பிரஷர் ரெஃப்ரிஜரண்ட் மெஷினாக இருந்தால் உள்ளே காற்று புகுந்தும் கண்டென்சிங் பிரஷர் ஏறும். அந்தக் காற்றை வெளியேற்றும் பர்ஜ் யூனிட் அடிக்கடி ஓடுகிறதா என்று பாருங்கள். லோடு குறைந்தால் அப்ரோச்சும் தானாகக் குறையும் என்பதால், எப்போதும் ஒரே லோடு சதவீதத்தில் எடுத்த ரீடிங்குகளைத்தான் ஒப்பிட வேண்டும். ஆனால் ஆசிட் ஓட்டியதும் பாதி இறங்கியது என்கிறீர்கள். அந்தப் பாதி படிவுதான், சந்தேகமே இல்லை. மீதிப் பாதிதான் சுவாரஸ்யமானது.

சாதாரண டீஸ்கேலிங் என்பது இன்ஹிபிட்டர் கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கார்பனேட்டை அது நுரைத்துக்கொண்டு கரைத்துவிடும். சிலிக்காவைத் தொடவே தொடாது. பெங்களூரைச் சுற்றி அடியில் இருப்பது கிரானைட்டும் நைஸ் பாறையும். அந்த வெடிப்புகளில் கிடந்து வரும் போர்வெல் தண்ணீரில் சிலிக்கா தாராளமாக இருக்கும், உங்கள் 42 இங்கே ஆச்சரியமான எண் அல்ல. டவர் தண்ணீரில் சிலிக்காவை 150 பிபிஎம்மைத் தாண்ட விடக்கூடாது என்பது தொழிலில் நெடுங்காலமாக உள்ள வரம்பு. பிஎச் 8.5க்கு மேல் போனால் அது மக்னீசியத்தோடும் சேர்ந்து மக்னீசியம் சிலிகேட்டாகப் படியும். ஐந்து சைக்கிளில் 210 இருந்திருக்க வேண்டும், 150 இருக்கிறது. மீதி 60 எங்கே என்ற கேள்விக்கு உங்கள் பாதி இறங்கிய அப்ரோச் பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும், டியூபைத் திறக்கும் வரை.

அதனால் அடுத்த ஷட்டவுனில் கண்டென்சரின் வாட்டர் பாக்ஸ் மூடியைக் கழற்றுங்கள். டியூபின் வாயிலிருந்து ஒரு சிறு துண்டைச் சுரண்டி, வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இரண்டு சொட்டு விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சோடா போலச் சீறி முழுதும் கரைந்துவிட்டால் அது வெறும் கார்பனேட். முதலில் சீறிவிட்டு, பிறகு ஒரு மெல்லிய தகடு சாம்பல் நிறத்தில், உடைந்த கண்ணாடித் துணுக்கு மாதிரி அப்படியே நின்றால், அதை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நொறுங்காமல் நறநறவென்றால் சிலிக்கா. சீறாமல் வழவழவென்று கரைந்து பழுப்பாக ஒழுகினால் அழுக்கும் உயிர்ப்படலமும் இரும்புத் துருவும் கலந்த வேறு சமாச்சாரம். ஒரு துண்டை லேபுக்கும் அனுப்புங்கள்; வெண்டரோடு வாதாட லேப் பேப்பர்தான் உதவும்.

சிலிக்கா என்று உறுதியானால் யாராவது அம்மோனியம் பைஃப்ளோரைடு கலந்த ஆசிட் ஓட்டலாம் என்பார்கள். அது கரைக்கும், உண்மைதான். ஆசிட்டோடு சேர்ந்தால் அதிலிருந்து ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் உண்டாகும். தோலில் பட்டால் வலி தாமதமாகத் தெரியும், எலும்பு வரை போகும். அலுவலகக் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் இதைச் செய்ய நான் சம்மதிக்கமாட்டேன். கார்பனேட்டை முதலில் ஆசிட்டால் இளக்கிவிட்டு, நைலான் பிரஷ்ஷால் டியூப் டியூபாக ஓட்டுவதுதான் என் வழி. இன்றைய சில்லர் டியூப்களின் உட்பக்கம் திருகு வரிகள் இருக்கும், அதற்கேற்ற பிரஷ்ஷா என்று சில்லர் கம்பெனியைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கடினமான பிரஷ் அந்த வரிகளைத் தேய்த்துவிடும்.

இனி எத்தனை சைக்கிள் என்பது. சிலிக்கா கணக்கில் 150 வகுத்தல் 42, அதிகபட்சம் மூன்றரை. ஆனால் இப்போதைய கெமிக்கல், இப்போதைய பிஎச்சில், கால்சியத்தை 520க்கு மேல் தண்ணீரில் நிறுத்திவைக்க முடியாமல் விட்டிருக்கிறது. மூன்று சைக்கிளில் அது 540 வரும். ஆகவே மூன்றில் ஆரம்பியுங்கள். கண்டக்டிவிட்டி கன்ட்ரோலரை 2,700 மைக்ரோ சீமென்ஸில் வையுங்கள். ஒரு மாதம் வாராவாரம் குளோரைடு சைக்கிளையும் கால்சியம் சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் 3.3, பிறகு 3.5 என்று மெல்ல ஏற்றலாம். கால்சியம் பின்தங்கினால் ஏற்றாதீர்கள், படிவைத் தடுக்கும் பாஸ்போனேட்டையும் பாலிமரையும் சரிசெய்யச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் எம் ஆல்கலினிட்டி இல்லை என்பதைக் கவனித்தேன். அது இல்லாமல், கால்சியம் கார்பனேட் படியுமா என்று காட்டும் லாங்கலியர் குறியீடு போட முடியாது, போடாமல் ஐந்து சைக்கிள் ஓடும் என்று ஒருவர் எப்படிச் சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள்.

மேனேஜ்மென்ட்டுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு இது. மூன்று சைக்கிளில் மேக்கப் மணிக்கு 4.5 கன மீட்டர், ஐந்தில் 3.75. வித்தியாசம் 0.75, 12 மணி நேரத்துக்கு 9,000 லிட்டர், அதாவது 6,000 லிட்டர் டேங்கர் ஒன்றரை. மறுபக்கம், கண்டென்சிங் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரஸர் மின்சாரம் இரண்டிலிருந்து மூன்று சதவீதம் கூடும். உங்கள் அப்ரோச் 2.3 டிகிரி ஏறியிருக்கிறது, சுமார் 6 சதவீதம். சில்லர் 300 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்தால் 17 கிலோவாட், 12 மணி நேரத்துக்கு 200 யூனிட்டுக்குக் குறையாது. யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டாலும் நாளுக்கு 1,600 ரூபாய். உங்கள் டேங்கர் ரேட்டை இதன் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். டீஸ்கேலிங் செலவையும் ஷட்டவுனையும் நான் சேர்க்கவே இல்லை. சைக்கிளை ஏற்ற ஏற்றச் சேமிப்பு சுருங்கிக்கொண்டே போகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் மணிக்கு 500 லிட்டர் மிச்சம். ஆறிலிருந்து எட்டுக்குப் போனால் 170தான்.

அடுத்து எல்லோரும் சொல்லும் இரண்டு யோசனைகள். சாஃப்ட்னர் போடலாமா? ஹார்ட்னஸ் போகும், சிலிக்கா அப்படியே இருக்கும். முழுக்க சாஃப்ட் தண்ணீரில் ஓட்டினால் இரும்புக் குழாய்க்குக் கால்சியம் தரும் சிறு பாதுகாப்பும் போய்விடும். ஆர்ஓ போடலாமா? மேக்கப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்தால் சிலிக்கா 28க்கு வரும், சிலிக்கா கணக்கில் ஐந்து சைக்கிள் நியாயமாகவே ஓட்டலாம். ஆனால் கணக்குப் பாருங்கள். 3.75இல் மூன்றில் ஒரு பங்கு 1.25 கன மீட்டர். ஆர்ஓ 65 சதவீதம் மீட்டால் அதற்கு 0.67 கன மீட்டர் ரிஜெக்ட் போகும். மூன்றரை சைக்கிளோடு ஒப்பிட்டால் நாம் மிச்சம் பிடித்தது 0.45தான். ரிஜெக்டைக் கழிப்பறை ஃபிளஷ்ஷிங்குக்கு எடுக்க வழியிருந்தால் மட்டும் ஆர்ஓவில் அர்த்தம் உண்டு.

2024 கோடைத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்து வரும் எஸ்டிபி தண்ணீரை டவருக்குத் திருப்புவது பெங்களூரில் இன்னும் பரவிவருகிறது. நீங்களும் அதற்குப் போகக்கூடும், அதனால் ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: முதலில் அம்மோனியாவை அளந்து பாருங்கள். அம்மோனியா செம்பு டியூபைத் தின்னும், குளோரினையும் விழுங்கும். டோஸிங் பம்ப் ஓடும், டிரம் காலியாகும், ஃப்ரீ குளோரின் மட்டும் ஏறவே ஏறாது. பாஸ்பேட் இருந்தால் கால்சியத்தோடு சேர்ந்து பசை மாதிரியான படிவைத் தரும். அல்ட்ரா ஃபில்டரேஷன் கலங்கலைத்தான் எடுக்கும், கரைந்திருக்கும் இந்த இரண்டையும் எடுக்காது.

கிருமிக் கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் பிஎச் 8.8. பிஎச் 8.5இலேயே குளோரினில் பத்தில் ஒரு பங்குதான் கொல்லும் வடிவமான ஹைப்போகுளோரஸ் ஆசிடாக இருக்கும், 8.8இல் இன்னும் குறைவு. புரோமின் 8.5இலும் பாதிக்கு மேல் வேலை செய்யும். எனவே ஹைப்போவோடு சோடியம் புரோமைடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். தினமும் சில்லர் ஓடத் தொடங்கியதும் ஒரு மணி நேரம் 0.5 முதல் 1 பிபிஎம் ஃப்ரீ ஹாலஜன் நிற்க வேண்டும். அதை டோஸிங் பம்ப் அருகில் அளக்காமல், கண்டென்சரிலிருந்து திரும்பும் தண்ணீரில் அளக்க வேண்டும். வாரம் ஒருமுறை பாக்டீரியா எண்ணிக்கையைக் காட்டும் டிப் ஸ்லைடு. 30 டிகிரியில் 48 மணி நேரம் வைத்துப் பார்க்கும்போது மில்லிக்குப் பத்தாயிரத்துக்குள் இருந்தால் சரி, ஒரு லட்சத்தை எட்டினால் அன்றே நடவடிக்கை. ஆக்சிடைசர் அல்லாத ஒரு பயோசைடை, உதாரணமாக ஐசோதயசோலினோன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டால், போட்ட சில மணி நேரம் பிளோடவுன் வால்வைப் பூட்டிவைக்க வேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கியது நேரே சாக்கடைக்குப் போகும். அந்த பிளோடவுன் எஸ்டிபிக்குப் போகும் கட்டடமாக இருந்தால் அங்கே வேலை செய்யும் பாக்டீரியாவையும் கொன்றுவிட்டுப் போகும்.

டிப் ஸ்லைடு சுத்தமாக வந்தால், நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா இல்லை என்று அர்த்தம் இல்லை. அதற்குத் தனி கல்ச்சர் டெஸ்ட் இருக்கிறது, முடிவு வர பத்து நாள் வரை ஆகும். 2015 கோடையில் நியூயார்க்கின் சவுத் பிராங்ஸில் ஒரு கூலிங் டவரிலிருந்து பரவியதில் 138 பேர் பாதிக்கப்பட்டு 16 பேர் இறந்தார்கள். ஸ்டாண்ட்பை சில்லருக்குத் தனி டவர் இருந்தால், உங்கள் கட்டடத்தில் நான் அஞ்சுவது ஓடும் டவரைவிட அதைத்தான். வெயிலில் வெதுவெதுவென்று நாள்கணக்காகத் தேங்கி நின்ற தண்ணீரை ஒரு நாள் ஃபேன் போட்டு மொட்டை மாடியெங்கும் தெளிப்பீர்கள். பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் காலத்தில் இரண்டாவது சில்லரை வாரக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறையாவது அந்தப் பக்கத்து பம்பை ஓட்டி பயோசைடு கலக்கச் செய்யுங்கள், அல்லது வடித்துக் காயவிடுங்கள். ஹைப்போ டிரம்மும் ஆசிட் கேனும் ஒரே மூலையில் இருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு.

அரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிஎச் 8.5க்கு மேல் ஓடும் டவரில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. செம்புக்கு டாலில்டிரையசோல் கெமிக்கலில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். சைக்கிளைக் குறைக்கும்போது பிளோடவுனோடு இன்ஹிபிட்டரும் கூடுதலாக வெளியே போகும் என்பதால் டோஸ் மேக்கப் மீட்டரைத் தொடர்ந்து ஏற வேண்டும், டைமரில் விடக்கூடாது. ரிட்டர்ன் லைனில் ஒரு கூப்பன் ரேக் மாட்டி, கூப்பன் எனும் உலோகச் சோதனைத் துண்டுகளை 90 நாள் வைத்து எடையிடுங்கள். மில் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு; இரும்புக் கூப்பனின் தேய்மானம் ஆண்டுக்கு 3 மில், செம்பு 0.2 மில்லுக்குள் வந்தால் போதும்.

சில்டு வாட்டர் வேறு கதை. அது மூடிய லூப், அங்கே ஆவியாவது இல்லை, பிளோடவுன் இல்லை. நைட்ரைட் குறைகிறதென்றால் இரண்டே வழி: தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் உள்ளே வருகிறது, அல்லது பாக்டீரியா தின்கிறது. வித்தியாசத்தைக் கண்டக்டிவிட்டி காட்டிக்கொடுக்கும். நைட்ரைட்டும் கண்டக்டிவிட்டியும் சேர்ந்து இறங்கினால் லீக். பம்ப் கிளாண்ட், ஏஹெச்யூ டிரெயின், யாரோ ஃபிளஷ் பண்ணித் திறந்தே விட்ட வால்வு என்று தேடுங்கள். கண்டக்டிவிட்டி அப்படியே நின்று நைட்ரைட் மட்டும் இறங்கி, நைட்ரேட் அல்லது அம்மோனியா ஏறினால் பாக்டீரியா. அப்போது மேலும் மேலும் நைட்ரைட் போடுவது அதற்குச் சாப்பாடு போடுவதுதான். அங்கே ஹைப்போவும் உதவாது, அது நைட்ரைட்டையே நைட்ரேட் ஆக்கிவிடும். குளூட்டரால்டிஹைடு அல்லது ஐசோதயசோலினோன் போட்டு ஓரிரு நாள் சுற்றவிட்டு, சைட் ஸ்ட்ரீம் ஃபில்டரில் வரும் அழுக்கை எடுத்து, பகுதி பகுதியாகத் தண்ணீரை மாற்றி, பிறகு நைட்ரைட்டை 500 முதல் 800 பிபிஎம்முக்கும் பிஎச்சை 9 முதல் 10க்கும் கொண்டுவாருங்கள். எக்ஸ்பான்ஷன் டேங்க்கின் மேக்கப் லைனில் அரை இஞ்ச் மீட்டர் ஒன்றை இந்த வாரமே மாட்டினால், எது லீக் எது பாக்டீரியா என்ற கேள்விக்கு ஒரு மாதத்தில் விடை தெரிந்துவிடும். அந்த ரீடிங்கோடு எம் ஆல்கலினிட்டியையும் மக்னீசியத்தையும் சேர்த்துப் போடுங்கள், அடுத்த கட்டத்தைப் பார்க்கலாம்.